அத்தியாயம் 7: ஆஃபர் லெட்டருக்கு எழுத்தில் சம்மதம்

நேர்முகத் தேர்வு முடிந்தது. ஹெச்.ஆர். போனில் சம்பளம் பேசினார். இப்போது மெயிலில் ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. இதற்கு நீங்கள் எழுதப்போகும் பதில் பதினைந்து வரியைத் தாண்டாது. ஆனால் அந்தப் பதினைந்து வரியை நம்பித்தான் இருக்கும் வேலையை ராஜினாமா செய்யப்போகிறீர்கள். சிலர் ஊரையே மாற்றப்போகிறார்கள். பின்னால் சம்பளத்திலோ சேரும் தேதியிலோ ஏதாவது பேச்சு வந்தால், எடுத்துக் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்த ஆஃபர் லெட்டரும் இந்தப் பதிலும் மட்டும்தான்.

இந்த அத்தியாயம் சொல்லும் முறை எளிமையானது. சந்தேகங்களையும் மாற்றக் கேட்பவற்றையும் முதலில் ஒரு மெயிலில் தீர்த்துக்கொள்ளுங்கள். திருத்திய கடிதம் கைக்கு வந்த பிறகு, எந்த நிபந்தனையும் இல்லாமல் தனி மெயிலில் சம்மதம் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மெயிலில் கலப்பதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்குத் தொடக்கம்.

“சம்மதம், ஆனால்…” ஏன் சம்மதம் ஆகாது

ஆஃபர் லெட்டர் என்பது சட்டத்தின் பார்வையில் ஒரு முன்மொழிவு. நீங்கள் அதை ஏற்கும்போது ஒப்பந்தம் உருவாகிறது. அந்த ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனை அற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 7-வது பிரிவு.

“ஆஃபரை ஏற்கிறேன், ஆனால் ஜூலை 15-க்குப் பதில் ஆகஸ்ட் 10 அன்று சேருகிறேன்” என்று எழுதினால், நிறுவனம் சொன்னதை நீங்கள் ஏற்கவில்லை. புதிதாக வேறொன்றை முன்வைக்கிறீர்கள். அதை நிறுவனம் ஏற்றால்தான் ஒப்பந்தம். அது பதிலே போடாமல் இருந்துவிட்டால், உங்களிடம் உறுதியான வேலை எதுவும் இல்லை. ஆனால் நீங்களோ “சம்மதம் சொல்லியாயிற்று” என்று நினைத்து ராஜினாமா கொடுத்திருப்பீர்கள். நடைமுறையிலும் இதேதான். அப்படி ஒரு மெயிலைப் பார்க்கும் ஹெச்.ஆர். “இன்னும் பேச்சு முடியவில்லை” என்று குறித்துக்கொண்டு, வரிசையில் அடுத்து இருப்பவரையும் கைவிடாமல் வைத்திருப்பார்.

காலக்கெடுவும் முக்கியம். “5-ஆம் தேதிக்குள் பதில் தரவும்” என்று கடிதத்தில் இருந்தால், அந்தத் தேதி தாண்டியதும் முன்மொழிவு காலாவதியாகிவிடும். அதே சட்டத்தின் 6-வது பிரிவு இதைச் சொல்கிறது. கேள்விகளுக்குப் பதில் வரத் தாமதமாகும் என்று தோன்றினால், கெடு முடிவதற்கு முன்பே இரண்டு நாள் அவகாசம் கேட்டு எழுதுங்கள். அவகாசம் தந்ததும் மெயிலில் பதிவாக வேண்டும்.

ஓர் உதாரணம்

கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இப்போது மாதம் 48,000 ரூபாய் சம்பளம், நோட்டீஸ் பீரியட் 60 நாள். சென்னையில் ஒரு நிறுவனம் அவருக்கு மூத்த கணக்கு அலுவலர் வேலை தருகிறது. ஜூன் 1, திங்கட்கிழமை ஆஃபர் லெட்டர் வருகிறது. ஜூன் 5, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 9,00,000 ரூபாய் சி.டி.சி.; சேரும் தேதி ஜூலை 15; பணியிடம் “இந்தியாவில் நிறுவனத்தின் எந்தக் கிளையிலும்.” போனில் பேசும்போது ஹெச்.ஆர். 50,000 ரூபாய் ஜாயினிங் போனஸ் உண்டு என்றும், அம்பத்தூர் அலுவலகத்தில்தான் வேலை என்றும் சொல்லியிருந்தார். கடிதத்தில் இரண்டுமே இல்லை.

அவர் முதலில் செய்ய வேண்டியது சம்பளப் பட்டியலைப் பிரித்துப் பார்ப்பது. 9,00,000-ஐ 12-ஆல் வகுத்தால் 75,000. ஆனால் அது கையில் வரும் தொகை ஆகாது. பட்டியலில் இப்படி இருக்கிறது: செயல்திறனைப் பொறுத்த மாறுபடும் ஊதியம் 90,000, நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் பி.எஃப். 21,600, அதாவது 15,000 ரூபாய் உச்சவரம்பின் மீது 12 சதவீதம், மாதம் 1,800; கிராஜுவிட்டி ஒதுக்கீடு 21,645, அதாவது ஆண்டு அடிப்படைச் சம்பளமான 4,50,000-இல் 4.81 சதவீதம். இவை மூன்றையும் கழித்தால் ஆண்டுக்கு 7,66,755 ரூபாய், மாதத்துக்குச் சுமார் 63,900 ரூபாய். அதிலிருந்து அவருடைய பங்கு பி.எஃப். 1,800 பிடித்தால் சுமார் 62,100. தொழில் வரியும், வருமான வரி வந்தால் அதுவும் இதற்கு மேல் கழியும்.

மாதம் 75,000 என்று எண்ணியிருந்தவருக்கு இது சுமார் 13,000 ரூபாய் வித்தியாசம். சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப்போகிறவர் இந்தக் கணக்கைச் சம்மதத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். இந்தத் தொகை போதாது என்றால் அதைப் பேசும் நேரமும் இதுதான். கையெழுத்துப் போட்ட பிறகு பேச இடமில்லை. நம் உதாரணப் பெண்ணுக்கு இந்தச் சம்பளம் சரிப்படுகிறது. ஆகவே சம்பளத்தைத் தொடாமல் மற்ற மூன்றை மட்டும் கேட்கிறார்: ஜாயினிங் போனஸ், பணியிடம், சேரும் தேதி.

சேரும் தேதியைக் கணக்கிடுவது

புதிய நிறுவனம் கேட்கும் தேதியை வைத்துத் தொடங்காமல், பழைய நிறுவனம் விடுவிக்கும் தேதியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பழைய நியமனக் கடிதத்தை எடுத்து நோட்டீஸ் பற்றிய பிரிவைப் படியுங்கள். 60 நாளா, இரண்டு மாதமா? மீதமிருக்கும் விடுப்பை நோட்டீஸில் கழிக்க அனுமதி உண்டா? நாள் குறைந்தால் அடிப்படைச் சம்பளத்தின் மீது பணம் கட்டுவதா, மொத்தச் சம்பளத்தின் மீதா?

நம் உதாரணத்தில் அவர் ஜூன் 5 அன்று ராஜினாமா கொடுத்தால், மறுநாள் 6-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் ஜூனில் 25 நாள், ஜூலையில் 31 நாள், ஆக 56. மீதி 4 நாள் ஆகஸ்டில். கடைசி வேலைநாள் ஆகஸ்ட் 4, செவ்வாய்க்கிழமை. ஜூலை 15 அன்று சேர வேண்டுமானால் ஜூலை 14 அன்றே வெளியேற வேண்டும். 21 நாள் குறையும். மொத்தச் சம்பளத்தின் மீது கணக்கிட்டால், 48,000-ஐ 30-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்க 33,600 ரூபாய் கட்ட வேண்டிவரும். பணம் கட்டினால் முன்கூட்டியே விடுவார்களா என்பதும் பல இடங்களில் மேலாளர் கையில் இருக்கிறது. “நோட்டீஸ் பணத்தை நாங்கள் தருகிறோம்” என்று புதிய நிறுவனம் சொன்னால், உச்சவரம்பு எவ்வளவு, எந்த மாதச் சம்பளத்தோடு தருவார்கள் என்பவை கடிதத்தில் ஏற வேண்டும்.

இவர் பணம் கட்ட விரும்பவில்லை. ஆகஸ்ட் 10, திங்கட்கிழமையைக் கேட்கிறார். ஆகஸ்ட் 4-க்கும் 10-க்கும் இடையே ஐந்து நாள் கிடைக்கிறது. வீடு மாற்றவும், ரிலீவிங் லெட்டர் ஓரிரு நாள் தாமதமானால் சமாளிக்கவும் அது போதும். கடைசி வேலைநாளுக்கு மறுநாளே சேருவதாக எழுதிக் கொடுக்காதீர்கள். கணக்கு ஒப்படைப்பு ஒரு நாள் இழுத்தாலும், புது இடத்தில் உங்கள் முதல் வாக்கே தவறிப்போகும்.

முதல் மெயில்: கேள்விகள் மட்டும்

ஆஃபர் லெட்டர் வந்த மறுநாள், ஜூன் 2 அன்று, இந்த மெயில் போகிறது. நம் ஊரில் இத்தகைய மெயில்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகின்றன. வாக்கியங்களின் வேலை தெளிவாகத் தெரிவதற்காக இங்கே தமிழில் இருக்கிறது.

> மதிப்பிற்குரிய மேடம்,
>
> ஜூன் 1 தேதியிட்ட ஆஃபர் லெட்டர் கிடைத்தது. நன்றி. இந்தப் பணியில் சேர எனக்கு விருப்பம் இருக்கிறது. சம்மதம் அனுப்பும் முன் மூன்று விவரங்களைக் கடிதத்தில் சேர்த்துத் தர வேண்டுகிறேன்.
>
> 1. போனில் குறிப்பிட்ட 50,000 ரூபாய் ஜாயினிங் போனஸ் கடிதத்தில் இல்லை. தொகை, வழங்கப்படும் மாதம், திருப்பித் தர வேண்டிய நிபந்தனை இருந்தால் அது, மூன்றையும் சேர்க்கவும்.
> 2. தொடக்கப் பணியிடம் அம்பத்தூர் அலுவலகம் என்று பேசினோம். அதைக் குறிப்பிடவும்.
> 3. என் நோட்டீஸ் பீரியட் 60 நாள். எனவே சேரும் தேதியை ஆகஸ்ட் 10 என மாற்றித் தர வேண்டுகிறேன்.
>
> பின்னணிச் சரிபார்ப்புக்காக என் இப்போதைய நிறுவனத்தை நான் ராஜினாமா கொடுத்த பிறகு தொடர்பு கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். திருத்திய கடிதம் வந்ததும், ஜூன் 5-க்குள் என் முடிவைத் தெரிவிக்கிறேன்.

இந்த மெயிலில் “ஏற்கிறேன்” என்ற சொல்லே இல்லை. விருப்பம் மட்டும் தெரிகிறது. கேட்பவை மூன்றோடு நிற்கின்றன. சீருடை, பார்க்கிங், மடிக்கணினி எந்த மாடல் என்று பன்னிரண்டு கேள்விகளை அடுக்கினால் முக்கியமானவை அவற்றுக்கிடையே காணாமல் போகும், ஹெச்.ஆர். எளிதானவற்றுக்கு மட்டும் பதில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

பதிலாக ஹெச்.ஆர். போன் செய்து “எல்லாம் ஓகே, நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லக்கூடும். பணிவாக, “கடிதத்தில் மாற்றித் தந்தால் இன்றே அனுப்பிவிடுகிறேன்” என்று சொல்லுங்கள். முழுக் கடிதத்தையும் மாற்ற நிறுவனத்துக்கு நாளாகும் என்றால், அந்த மூன்று அம்சங்களையும் உறுதி செய்து அவர்களின் அலுவலக முகவரியிலிருந்து வரும் ஒரு மெயிலும் பயன்படும். அப்போது உங்கள் சம்மதத்தில் அந்த மெயிலின் தேதியையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும். போன் பேச்சை மட்டும் நம்பாதீர்கள். பேசியவர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டாலோ வேலையை விட்டே போய்விட்டாலோ, அவர் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

இரண்டாவது மெயில்: சம்மதம்

ஜூன் 4 அன்று திருத்திய கடிதம் வருகிறது. மூன்று மாற்றங்களும் இருக்கின்றன. ஜாயினிங் போனஸ் முதல் மாதச் சம்பளத்தோடு வரும். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். மற்ற பிரிவுகள் ஏதும் சத்தமில்லாமல் மாறியிருக்கின்றனவா என்று பழைய கடிதத்தையும் புதியதையும் அருகருகே வைத்து ஒருமுறை முழுதாகப் படிக்கிறார். அதன் பிறகே இதை எழுதுகிறார்.

> பொருள்: பணி ஏற்பு – மூத்த கணக்கு அலுவலர் – ஜூன் 4 தேதியிட்ட திருத்திய ஆஃபர் லெட்டர்
>
> மதிப்பிற்குரிய மேடம்,
>
> மூத்த கணக்கு அலுவலர் பணிக்காக நீங்கள் அனுப்பிய, ஜூன் 4 தேதியிட்ட திருத்திய ஆஃபர் லெட்டர் கிடைத்தது. அதில் உள்ள விதிமுறைகளின்படி இந்தப் பணியை ஏற்றுக்கொள்கிறேன்.
>
> அந்தக் கடிதத்தில் உள்ளபடி முக்கிய விவரங்கள்:
>
> பதவி: மூத்த கணக்கு அலுவலர்
> தொடக்கப் பணியிடம்: அம்பத்தூர் அலுவலகம், சென்னை
> ஆண்டு சி.டி.சி.: 9,00,000 ரூபாய், இதில் மாறுபடும் ஊதியம் 90,000 ரூபாய்
> ஜாயினிங் போனஸ்: 50,000 ரூபாய், முதல் மாதச் சம்பளத்தோடு
> சேரும் தேதி: ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை
>
> கையெழுத்திட்ட பிரதியை இணைத்துள்ளேன். இது கிடைத்ததையும் சேரும் தேதியையும் உறுதி செய்து ஒரு வரி பதில் அனுப்ப வேண்டுகிறேன். அதன் பிறகு இப்போதைய நிறுவனத்தில் ராஜினாமா கொடுக்க இருக்கிறேன். விடுவிக்கும் தேதி எழுத்தில் கிடைத்ததும் உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.
>
> நன்றி.

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு கடிதங்கள் வந்திருப்பதால், எந்தக் கடிதத்தை ஏற்கிறோம் என்பதைத் தேதி சொல்கிறது. குறிப்பு எண் இருந்தால் அதையும் சேர்க்கலாம். “ஏற்றுக்கொள்கிறேன்” என்ற சொல் நேராக வருகிறது. “சேர மகிழ்ச்சியாக இருக்கிறேன்”, “ஆவலோடு எதிர்பார்க்கிறேன்” போன்றவை நல்ல சொற்கள்தான். ஆனால் அவை மட்டும் இருந்தால் ஏற்றீர்களா இல்லையா என்பது தெளிவாகாது.

“கடிதத்தில் உள்ளபடி” என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். அந்தப் பட்டியல், கடிதம் சொன்னதையே நீங்கள் புரிந்துகொண்ட விதத்தில் திரும்பச் சொல்கிறது. அதில் கடிதத்தில் இல்லாத ஒரு சலுகையைச் சேர்த்தால், உதாரணமாக “வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை” என்று எழுதினால், மீண்டும் “சம்மதம், ஆனால்” என்ற இடத்துக்கே வந்துவிடுவீர்கள். மெயிலை அனுப்பும் முன் ஒவ்வொரு எண்ணையும் கடிதத்தோடு ஒப்பிடுங்கள்.

கடைசிப் பத்தியில் ஒரு நுட்பம் உண்டு. “என் நிறுவனம் விடுவித்தால் ஆகஸ்ட் 10 அன்று சேருவேன்” என்று எழுதினால் அது நிபந்தனை. “விடுவிக்கும் தேதி கிடைத்ததும் தெரிவிக்கிறேன்” என்பது தகவல் தருவதாக நீங்கள் கொடுக்கும் வாக்கு மட்டும். சேரும் தேதி அதனால் ஆட்டம் காணாது. நாளை தேதி தள்ளினாலும் பேச்சைத் தொடங்க வழி இருக்கிறது.

இணையதளத்தில் சம்மதம் கேட்டால்

பல நிறுவனங்கள் ஆஃபர் லெட்டரைத் தங்கள் இணையதளத்தில் வைத்து, Accept என்ற பொத்தானை அழுத்தச் சொல்கின்றன. மின்னணு வழியில் உருவாகும் ஒப்பந்தம், அப்படி உருவானது என்ற காரணத்துக்காகச் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 10ஏ பிரிவு சொல்கிறது. ஆகவே அந்த ஒரு அழுத்தத்துக்கும் கையெழுத்தின் கனம் உண்டு. திருத்திய கடிதம் அந்தப் பக்கத்தில் ஏறிவிட்டதா, பழையதுதான் இன்னும் இருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகே அழுத்துங்கள். அழுத்தும் முன் கடிதத்தைப் பி.டி.எஃப். ஆகத் தரவிறக்கிச் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்; பின்னால் அந்தக் கணக்கு முடங்கினாலும் பிரதி உங்களிடம் இருக்கும். அழுத்திய பிறகு, மேலே உள்ள சம்மத மெயிலையும் அனுப்புங்கள். பொத்தானில் தேதியும் பணியிடமும் எழுத இடமில்லை.

ராஜினாமா எப்போது, எல்லை எதுவரை

ஜூன் 5 காலையில் ஹெச்.ஆர். பதில் வருகிறது: “கிடைத்தது, ஆகஸ்ட் 10 உறுதி.” அன்று மதியம் நம் உதாரணப் பெண் ராஜினாமா கொடுக்கிறார். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பதில் வரவில்லை என்றால் மறுநாள் நினைவூட்டி ஒரு மெயில். அப்போதும் இல்லை என்றால் போன் செய்து, பேசியதைச் சுருக்கி இன்னொரு மெயில். ராஜினாமா இரண்டு நாள் தள்ளிப்போனால் கடைசி வேலைநாளும் இரண்டு நாள் தள்ளும். ஆகஸ்ட் 10-க்கு முன் இருக்கும் ஐந்து நாள் இடைவெளி அதையும் தாங்கும்.

இத்தனை செய்தும் எழுத்துப் பத்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆஃபர் லெட்டர்கள் பலவும் பின்னணிச் சரிபார்ப்பு, சான்றிதழ்கள், ரிலீவிங் லெட்டர் ஆகியவற்றுக்கு உட்பட்டவை. நீங்கள் கொடுத்த விவரத்தில் பிழை இருந்தால் சம்மதக் கடிதம் காப்பாற்றாது. பழைய வேலைகளின் தேதிகளில் ஏதாவது சந்தேகம் இருந்தால் முதல் மெயிலிலேயே சொல்லிவிடுங்கள். நிறுவனமே ஆஃபரைத் திரும்பப் பெற்றுவிட்டால், “இவரை வேலைக்கு வைத்தே ஆக வேண்டும்” என்று நீதிமன்றங்கள் தனியார் வேலை ஒப்பந்தங்களில் பொதுவாக உத்தரவிடுவதில்லை, நஷ்டஈடு கேட்கலாம். அதற்கும் வழக்கறிஞரிடம் போகும்போது அவர் முதலில் கேட்பது இந்த மெயில்களைத்தான். அதனால் ஆஃபர் லெட்டர் இரண்டும், கேள்வி மெயில், சம்மத மெயில், ஹெச்.ஆர். பதில் ஆகியவை உங்கள் சொந்த மெயில் கணக்கில் இருக்க வேண்டும். பழைய அலுவலக முகவரியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்; கடைசி வேலைநாளோடு அது மூடப்பட்டுவிடும்.

விடுவிக்கும் தேதி எழுத்தில் வந்ததும், சொன்னபடி புதிய நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். அது தள்ளிப்போனால், தெரிந்த அன்றே புதிய தேதியோடு எழுதி, மாற்றத்துக்கு ஒப்புதல் பெறுங்கள். சேருவதற்கு ஒரு வாரம் முன்பு, எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தெந்த அசல் சான்றிதழ்கள் வேண்டும் என்று கேட்டு மெயில் அனுப்புவது நல்லது. தேதி மாறாமல் இருக்கிறதா என்பதும் அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

சேரும் நாளில் கையெழுத்துக்கு நியமனக் கடிதம் தருவார்கள். ஆஃபர் லெட்டரைவிட அது நீளமானது. தகுதிகாண் காலம், நோட்டீஸ், இடமாற்றம் பற்றிய பிரிவுகள் அதில் விரிவாக இருக்கும். உங்கள் சம்மத மெயிலின் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பதவி, பணியிடம், சம்பளம், போனஸ் ஆகிய நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் அந்த மெயிலைக் காட்டித் திருத்தித் தரக் கேளுங்கள்.